பாட்டு அனுப்பியாயிற்று, அடுத்து என்ன கதைப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனதுக்குப் பிடித்த ஆளுக்கு ஒரு பாட்டை அனுப்பிக் கதையைத் தொடங்குவது பற்றி, கந்தோரிலும் சொந்தக்காரப் பிள்ளைகளிடமும் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்கள் இவை. எல்லாரும் பாட்டைத் தெரிவு செய்வதில்தான் மண்டையை உடைக்கிறார்கள், ஆனால் விசயம் கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்குப் பிறகு வருகிற இரண்டாவது மூன்றாவது மெசேஜில். அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, சும்மா ஒரு பாட்டு லிங்க் அனுப்பினா, நான் விருப்பத்திலதான் அனுப்பினனான் எண்டு அவவுக்கு விளங்குமோ?

வெறும் லிங்கால் ஒன்றும் விளங்காது. வட்ஸ்அப்பில் ஒரு நாளைக்கு எத்தனை லிங்க் வருகிறது! கோயில் திருவிழா நேரலை, கலியாண வீட்டு வீடியோ, பெரியப்பா அனுப்புகிற மருத்துவக் குறிப்பு, இவற்றுக்கு நடுவில் உங்கள் பாட்டும் ஒன்று. விளங்க வைப்பது பாட்டோடு வருகிற அந்த ஒரு வரிதான். நான் சொன்ன ஒரு சின்ன விசயத்தை இவர் ஞாபகம் வைத்திருக்கிறார், இது எனக்கு மட்டும் வந்திருக்கிறது என்று அவவுக்குத் தெரிந்தால் மிச்சத்தை அவவே ஊகிப்பா.

ஊகிக்க விடுவதும் நல்லதுதான். பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் இருக்கிறபடியால்தான் இது ஒரு காதல் கடிதம் இல்லை. அவவுக்கு விருப்பம் இல்லையென்றால் இதை ஒரு சாதாரணப் பாட்டாகவே எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அடுத்த நாள் முகம் பார்த்துக் கதைக்கலாம். அந்த வழியை அடைக்கிற மாதிரி "இந்தப் பாட்டைக் கேக்க உங்கட ஞாபகம்தான் வருது" என்று முதல் மெசேஜிலேயே எழுதாதீர்கள்.

அப்ப என்னத்தை எழுதி அனுப்புறது? ஒரு உதாரணம் சொல்லுங்கோ.

எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரே கந்தோர், வேறு வேறு பிரிவு. கிளிநொச்சியில் ஒரு கலியாணத்துக்கு எல்லாருமாக வானில் போய்விட்டுத் திரும்பி வரும்போது டிரைவர் பழைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு பாட்டுக்கு அவ, "இதில ரெண்டாவது சரணம்தான் எனக்கு விருப்பம், ஆனா ரேடியோவில எப்பவும் அதுக்கு முதலே வெட்டிப்போடுவாங்கள்" என்று சொல்லியிருக்கிறா. அவன் அன்றிரவே ஓடிப்போய் அனுப்பவில்லை, இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் இப்படி எழுதினான்: "அண்டைக்கு வானில சொன்னீங்களே, ரேடியோவில வெட்டுற சரணம் எண்டு. இதில முழுசா இருக்கு, சரியா அந்த இடத்தில திறக்கும். சரணத்துக்கு முதல் ஒரு வயலின் வரும், எனக்கு அதுதான் பிடிச்சது. உங்களுக்கு வயலினோ சரணமோ?"

இதில் மூன்று வேலை நடக்கிறது. அவ சொன்னது ஞாபகம் இருக்கிறது என்று காட்டுகிறான். பாட்டில் எந்த இடத்தைக் கேட்பது என்று சொல்லிவிடுகிறான், அதனால் ஐந்து நிமிடம் ஒதுக்கத் தேவையில்லை, ஒரு நிமிடம் காணும். கடைசியில் அவன் கேட்கிற கேள்விக்கு ஒரு சொல்லிலும் பதில் போடலாம், ஒரு பந்தியிலும் போடலாம். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டிருந்தால் "நல்லாயிருக்கு" என்பதைத் தவிர அவவுக்குச் சொல்ல என்ன இருந்திருக்கும்?

காதல் பாட்டே அனுப்ப வேணுமோ, இல்லாட்டி வேற பாட்டும் சரியோ?

மேலே சொன்ன வான் கதையில் அந்தப் பாட்டு காதல் பாட்டா என்று நான் சொல்லவே இல்லை, நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள். அவ்வளவுதான் அதன் முக்கியம். முதல் தடவை உருகி வழிகிற பாட்டு வேண்டாம்.

ஆனால் எந்தப் பாட்டானாலும் பல்லவியை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். எங்கள் சினிமாப் பாட்டுகளில் பல்லவி நிலா, மழை என்று இருக்கும், இரண்டாவது சரணத்தில் கட்டில் வரைக்கும் போய்விடும். இல்லையென்றால் வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் திட்டுகிற பாட்டாக இருக்கும், மெட்டு நல்லது என்று நாங்கள் சொல்லைக் கவனிக்காமல் முணுமுணுத்துக்கொண்டு திரிவோம், கேட்கிறவர் சொல்லைக் கவனிப்பார். வீடியோவையும் முழுதாக ஒரு தரம் பாருங்கள். அதே பாட்டுக்கு யூரியூப்பில் படக்காட்சி, வரிகள் ஓடுகிற வீடியோ, வெறும் ஓடியோ என்று மூன்று நான்கு இருக்கும். படக்காட்சி சங்கடமாக இருந்தால் ஓடியோவை அனுப்பலாம். அவ வீட்டில் விறாந்தையில் இருந்துகொண்டு திறக்கக்கூடும், பக்கத்தில் அப்பா இருக்கக்கூடும்.

லிங்கை அனுப்புறதில ஏதும் நுட்பம் இருக்கோ?

இரண்டு விசயம். ஒன்று, வேறு ஒரு சாட்டில் இருந்து அந்த மெசேஜை அப்படியே தள்ளிவிடாதீர்கள். மேலே Forwarded என்று விழும், "எனக்கு மட்டும்" என்ற கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அது ஏற்கனவே பலர் கைமாறி வந்த மெசேஜ் என்றால் Forwarded many times என்றே காட்டும், அதைவிடச் சும்மா இருக்கலாம். யூரியூப்பில் நீங்களே போய் லிங்கைக் கொப்பி பண்ணி ஒட்டுங்கள்.

மற்றது, குறிப்பிட்ட இடத்தில் திறக்க வைப்பது. நிமிடத்தை விநாடியாக்கி லிங்கின் கடைசியில் சேர்த்தால் போதும். வயலின் 3:05இல் தொடங்குகிறது என்றால் 185 விநாடி. போனில் இருந்து எடுக்கிற லிங்கில் ஏற்கனவே ஒரு கேள்விக்குறியும் si என்று ஏதோவும் இருக்கும், அப்படி இருந்தால் & போட்டுச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ? போட வேண்டும்:

```
https://youtu.be/VIDEO_ID?si=xxxx&t=185
https://youtu.be/VIDEO_ID?t=185
```

அனுப்ப முதல் உங்களுக்கே அனுப்பித் திறந்து பாருங்கள். ஆள் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் இங்கே திறக்கிற வீடியோ அங்கே திறக்காமலும் போகலாம், உரிமை நாட்டுக்கு நாடு மாறும்.

ஸ்ரேற்றஸில போட்டால் காணாதோ? அவ பாப்பா தானே.

அவவும் பார்ப்பா, உங்கள் மாமியும் பார்ப்பா, பழைய ரியூசன் மாஸ்டரும் பார்ப்பார். இருபத்துநாலு மணித்தியாலத்தில் அது போய்விடும், பிறகு "அவ பாத்தவா, விளங்கியிருக்கும்" என்று நீங்களும் "யாருக்கோ போட்டிருக்கிறார்" என்று அவவும் ஆளுக்கொரு பக்கம் இருப்பீர்கள். நான் பார்த்த அளவில் ஸ்ரேற்றஸ் மெசேஜ் அனுப்பப் பயந்தவர்களுடைய வழி. ஒன்றுக்கு மட்டும் நல்லது: அவ போடுகிற ஸ்ரேற்றஸில் ஒரு பாட்டு வந்தால், அதற்குப் பதிலாக நீங்கள் கதையைத் தொடங்கலாம், அது மிக இயல்பாக இருக்கும்.

நீல ரிக் வந்திட்டுது, ரெண்டு நாளாப் பதில் இல்லை. "கேட்டீங்களோ?" எண்டு கேக்கட்டோ?

கேட்காதீர்கள். நீல ரிக் சாட் திறக்கப்பட்டதைத்தான் சொல்கிறது, லிங்க் திறக்கப்பட்டதை இல்லை. பாட்டைப் பிறகு ஆறுதலாகக் கேட்போம் என்று மூடிவைத்திருக்கலாம், மறந்தும் போயிருக்கலாம். "கேட்டீங்களோ?" என்றால் அவவுக்கு அது வீட்டுப்பாடம். அதற்கு வருகிற பதிலும் அந்த மாதிரித்தான் இருக்கும்: "சொறி, நேரம் கிடைக்கேல்லை."

நாலைந்து நாள் போகட்டும். பிறகு பாட்டைப் பற்றிய பேச்சே இல்லாமல் வழமையான ஒரு விசயத்தோடு வாருங்கள், கந்தோரில் கதைக்க இருக்கிற ஏதாவது, கலியாண வீட்டுப் படங்கள் வந்துவிட்டதா என்பது மாதிரி. அவ அந்த நேரம் தானாகவே "அய்யோ, அந்தப் பாட்டு!" என்று தொடங்கினால் நல்லது. மற்றதுக்கெல்லாம் கலகலவென்று கதைத்துவிட்டுப் பாட்டை மட்டும் தொடவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். அந்தப் பாட்டை நீங்களும் விட்டுவிடலாம். பேச்சே சுருங்கிப்போய் ஒரு சொல், அரைச் சொல்லாக வந்தால் இரண்டாவது பாட்டு அனுப்பாதீர்கள். பாட்டு நல்லது இல்லையோ, வேறு பாட்டு அனுப்பினால் சரிவருமோ என்று யோசிக்கத் தோன்றும், ஆனால் பிழை பாட்டில் இல்லை.

"சூப்பர்" எண்டு மட்டும் போட்டவர். இனி என்னத்தைக் கதைக்கிறது?

அனேகமாக நீங்கள் "எப்பிடி இருக்கு?" என்று கேட்டிருப்பீர்கள், அல்லது ஒன்றுமே கேட்காமல் லிங்கை மட்டும் போட்டிருப்பீர்கள். ஒரு தரம் சரிசெய்யலாம். "எனக்கு அந்த வயலின் வாற இடம்தான், உங்களுக்கு எந்த இடம்?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்கும் "எல்லாம் சூப்பர்" என்று வந்தால் நிறுத்திவிடுங்கள், அவர் மரியாதைக்குப் பதில் போடுகிறார்.

உண்மையில் விருப்பத்தோடு கேட்ட ஆள் என்றால் எங்காவது ஒரு விபரம் இருக்கும். மேலே சொன்ன அந்தப் பெண் அடுத்த நாள் போட்ட பதில் இது: "வயலினை இவ்வளவு நாளும் கவனிக்கவே இல்லை. அம்மாவும் பக்கத்தில இருந்து கேட்டவா." இந்த இடத்தில் பெடியன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. இன்னொரு பாட்டு அனுப்பவில்லை, வயலினைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் அவிழ்த்துவிடவும் இல்லை. "அம்மான்ர வோட்டு எதுக்கு?" என்று மட்டும் கேட்டான். அம்மா பழைய பாட்டுப் பைத்தியம், வீட்டில் இன்னும் ஒரு பெட்டி நிறையக் கசெற் கிடக்கிறது, போடுவதற்குத்தான் ரேப்ரெக்கோடர் இல்லை என்று அன்றைக்கு முக்கால் மணித்தியாலம் ஓடியது. பாட்டைப் பிடித்துக்கொண்டு இராமல், பதிலில் வந்த புது ஆளையோ புது விசயத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

பாட்டை விட்டிட்டுப் படம் சொன்னால் எப்பிடி?

படம் பெரிய வேலை. பாட்டு ஐந்து நிமிடம், படம் இரண்டரை மணித்தியாலம், போனில் 480பியில் பார்த்தாலும் ஒரு ஜிபிக்கு மேல் போகும். அதனால் ஏற்கனவே ஓரளவு கதைக்கிற ஆளுக்குத்தான் படம், முதல் மெசேஜாக வேண்டாம். இலங்கையில் இருந்து அது எதில் திறக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இந்திய ஓடிடியில் இருக்கிறது எல்லாம் இங்கே வராது, Netflixஇல் கூட நாட்டுக்கு நாடு படங்கள் மாறும். "கிடைக்கேல்லை" என்று அவ சொன்னால் அது சாட்டா உண்மையா என்று மண்டையைக் குழப்பத் தேவையில்லாமல் போகும். போயா லீவோ நீண்ட வார இறுதியோ வருகிற கிழமையில் சொன்னால் பார்க்கிற வாய்ப்பும் கூட.

பாட்டில் இடத்தைச் சொன்ன மாதிரிப் படத்தில் ஒரு காட்சியைச் சொல்லுங்கள், கதையை உடைக்காமல். "இடைவேளைக்குப் பிறகு ஒரு அப்பா பஸ்ஸில வருவார், அந்த இடம் வந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ" என்றால் எப்போது எழுதுவது, எதைப்பற்றி எழுதுவது என்ற இரண்டையும் நீங்களே தீர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். பிறகு ஒரு கிழமை, பத்து நாள் வாயே திறக்காதீர்கள். இரவு ஒரு மணிக்கு "இப்பதான் அந்த பஸ் சீன்" என்று வந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், சில பேருக்கு அந்த நேரம்தான் வீடு அடங்கும், இரவு டேட்டா தனியாகக் கிடைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பாத்திட்டுப் "படு போர்" எண்டு சொல்லிட்டா. முடிஞ்சுதோ?

இது "சூப்பர்" என்பதைவிட எவ்வளவோ நல்லது. பிடிக்கவில்லை என்று நேரே சொல்ல ஒரு நெருக்கம் வேண்டும். படத்துக்கு வக்கீலாக மாறாதீர்கள், "உங்களுக்கு விளங்கேல்லைப் போல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "எந்த இடத்தில விட்டனீங்கள்?" என்று கேளுங்கள். ஆட்கள் பிடித்த படத்தைவிடப் பிடிக்காத படத்தைப் பற்றித்தான் கூடக் கதைப்பார்கள். கடைசியில் "சரி, அடுத்தது உங்கட தெரிவு" என்று விடுங்கள்.

அவ திருப்பி ஒரு பாட்டு அனுப்பினவா! இப்ப நான் என்ன செய்ய?

முதலில் முழுதாகக் கேளுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் சந்தோசத்தில் பத்து விநாடி கேட்டுவிட்டு உடனே இன்னொரு லிங்கைப் போடுகிற பெடியன்கள் எத்தனை பேர்! அன்றைக்கே கேட்டு, அவ அனுப்பின பாட்டில் ஒரு இடத்தைப் பற்றி எழுதுங்கள். பிடிக்காவிட்டால் பிடித்த ஒரு மூலையைத் தேடிச் சொல்லுங்கள், பொய் சொல்ல வேண்டாம். மூன்றாவது பாட்டு அடுத்த கிழமை வரலாம்.

இப்படி இரண்டு மூன்று தடவை போய்வந்த பிறகு பாட்டிலேயே நிற்காதீர்கள். மாதக்கணக்காக லிங்க் மாற்றிக்கொண்டு, நேரில் கண்டால் தலையாட்டிவிட்டுப் போகிற சோடிகளை எனக்குத் தெரியும். வான் பெடியன் கடைசியில் எழுதியது: "கசெற் கதை மெசேஜில முடியாது போல. வியாழன் வேலை முடிய நல்லூரடியில ஒரு ஐஸ்கிரீம் குடிப்பமோ? உங்கட சிநேகிதியையும் வேணுமெண்டால் கூட்டிக்கொண்டு வாங்கோ." கிழமை சொன்னான், இடம் சொன்னான், தனியாக வரச் சங்கடப்பட்டால் அதற்கும் வழி விட்டான். யாழ்ப்பாணம் சின்ன இடம், யார் யாருடன் எங்கே நின்றது என்பது வீட்டுக்கு முதலே போய்ச் சேரும், அந்தக் கவலை பெரும்பாலும் அவவுக்குத்தான் கூட. தியேட்டருக்கு வரச் சொல்வது இதற்குப் பிறகுதான், அதுவும் நாலு பேராகப் பகல் காட்சிக்கு. இருட்டில் மூன்று மணித்தியாலம் பக்கத்தில் இருப்பது கதைத்துப் பழகுகிறதுக்கு உதவாது.

"நன்றி அண்ணா" எண்டு பதில் வந்திட்டுது. சரி, முடிஞ்சுது தானே?

முதல் என்னவென்று கூப்பிட்டவா? கம்பஸில் ஒரு வருடம் மூத்த எவனும் அண்ணாதான், கந்தோரிலும் அப்படித்தான். முதல் நாளில் இருந்தே அண்ணா என்று கூப்பிடுகிறவ இப்போதும் அண்ணா என்றால் அதில் புதிதாக ஒன்றும் இல்லை, அந்தப் பெயரோடு காதலித்துக் கலியாணம் கட்டினவர்கள் ஊரில் கொள்ளை. பதிலில் விபரம் இருக்கிறதா என்று, "சூப்பர்" கேள்வியில் சொன்ன மாதிரி, அதைப் பாருங்கள்.

ஆனால் இதுவரை பெயர் சொல்லியோ ஒன்றும் சொல்லாமலோ கதைத்தவ, பாட்டுப் போன பிறகு திடீரென்று அண்ணா போட்டால் யோசிக்க ஒன்றும் இல்லை. உங்களையும் நோகடிக்காமல் தானும் சங்கடப்படாமல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறா. "ஏன் அண்ணா எண்டுறீங்கள்?" என்று கேட்டு அவவை வாய்விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். ஒரு சிரிப்புப் பொம்மையோடு விட்டுவிட்டு அடுத்த நாள் வழமை போலக் கதையுங்கள்.

நான் பெட்டை. நான் முதல் அனுப்பினால் குறைவா நினைப்பானோ?

அப்படி நினைக்கிறவன் என்றால் ஒரு பாட்டுச் செலவில் ஆளைத் தெரிந்துகொண்டீர்கள். மற்றபடி மேலே சொன்ன எல்லாம் அப்படியே பொருந்தும். ஒரு முன்னெச்சரிக்கை மட்டும்: சில பெடியன்கள் ஸ்கிரீன்ஷொட் எடுத்துச் சிநேகிதர் குழுவில் போடுவார்கள். அதனால் முதல் சில மெசேஜை நாலு பேர் பார்த்தாலும் நீங்கள் கூச்சப்படாத மாதிரி எழுதுங்கள். வயலினோ சரணமோ என்று கேட்டதை யார் பார்த்தால் என்ன?

நான் ரியூசன் படிப்பிக்கிறனான். ஏ.எல். படிக்கிற ஒரு பிள்ளைக்கு...

இல்லை. படம், பாட்டு, ஒன்றும் வேண்டாம். உங்களிடம் படிக்கிற பிள்ளையால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. உங்களுக்குக் கீழே வேலை செய்கிற ஆளுக்கு அனுப்ப நினைக்கிறவர்களுக்கும் இதுதான் பதில்.

அனுப்பின பிறகுதான் தெரியும், அவவுக்கு வீட்டில பேசி முற்றாக்கியிருக்கு எண்டு. அழிச்சுவிடட்டோ?

அனுப்பி இரண்டு நாளுக்குக் கிட்ட என்றால் வட்ஸ்அப்பில் இரண்டு பக்கமும் அழிக்கலாம். ஆனால் This message was deleted என்று அந்த இடத்தில் ஒரு அடையாளம் நிற்கும், பாட்டைவிட அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும், அவவின் போனை வேறு யாரும் பார்த்தால் இன்னும் மோசம். முதல் பதிலில் சொன்ன மாதிரி எழுதி அனுப்பியிருந்தால் அதில் மறைக்க ஒன்றுமே இருக்காது, அப்படியே விடுங்கள். உருகி எதுவும் எழுதியிருந்தால், "விசயம் இப்பதான் கேள்விப்பட்டன், வாழ்த்துகள்" என்று ஒரு வரி போடுங்கள். அவ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் பாட்டுக் கதை அதோடு சரி.